ஷிப்ட் வாட்ஸ்அப் குழு: எதைத் தமிழில் எழுதுவது, எதை ஆங்கிலத்தில் விடுவது?

இரவு ஷிப்ட்காரன்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். சீசன் உச்சம். பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் நிற்கின்றன. ஷிப்ட் குழுவில் க்யூசி, பாய்லர், லோடிங், ஸ்டோர், கேட், மேனேஜர் எல்லாரும் இருக்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். ஆங்கிலம், தமிழ், தங்கிலீஷ், வாய்ஸ் எல்லாம் கலந்து ஓடும். இதுவரை யாரும் கவலைப்படவில்லை.

போன வாரம் ராத்திரி ஸ்டெரிலைசரில் வெப்பம் கொஞ்ச நேரம் இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் நிரப்பிய டிரம்களைத் தனியாக வைத்து, சில நாள் கழித்து டிரம்முக்குள் இருக்கிற கூழ்ப் பை உப்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். க்யூசி பையன் குழுவில் போட்டது இதுதான்:

```
B0617 drum 41-54 temp drop. loading ku edukata
```

அவன் நினைத்தது "எடுக்காத". லோடிங் சூப்பர்வைசர் படித்தது "எடுக்கட்டா". இரண்டு நிமிடத்தில் மேனேஜர் `ok` என்று போட்டார். அவர் "சரி, தெரிந்துகொண்டேன்" என்ற அர்த்தத்தில் போட்டிருக்கிறார். லோடிங்கில் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார்கள். விடியற்காலை கன்டெய்னரில் எண்பது டிரம் ஏற்றி முடிக்கும் நேரத்தில் எண் பட்டியல் சரிபார்த்த பகல் க்யூசி மேடம் கண்டுபிடித்து நிறுத்தினார். ஒரு டிரம் 215 கிலோ. உள்ளே போனதை வெளியே எடுக்க அரை ஷிப்ட் போய்விட்டது.

இப்போது மேனேஜர் "இனிமேல் குழுவில் ஆங்கிலம் மட்டும்" என்கிறார். பாய்லர்காரர்கள் "அப்படியானால் நாங்கள் எதுவுமே எழுத மாட்டோம்" என்கிறார்கள். உங்கள் இடத்தில் எப்படி?

பர்கூர் அக்கவுன்ட்ஸ்

மேனேஜர் சொல்வதுதான் சரி. ஏற்றுமதி நிறுவனம் என்றால் ஆவணம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆடிட் வந்தால் தமிழ் மெசேஜைக் காட்டவா முடியும்? எங்கள் அலுவலகத்தில் ஆங்கிலம் மட்டும்தான், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. இன்வாய்ஸ் எண், லாரி எண், எடை எல்லாம் தேடினால் உடனே கிடைக்கும்.

பழைய க்யூசி

கூழ் ஆலைகளில் க்யூசி பார்த்தவன், இப்போது சொந்தத் தோப்பு. அக்கவுன்ட்ஸ் சார் சொல்வதில் பாதி சரி. எண்கள் ஆங்கிலத்தில், அதுவும் ஸ்டிக்கரில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். ஒருவர் B0617 என்றும், இன்னொருவர் "பேட்ச் 617" என்றும், மூன்றாமவர் "ஜூன் 17 பி" என்றும் போட்டால் ஒரு வாரம் கழித்துத் தேடும்போது மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். ஆனால் ஆடிட்டர் வாட்ஸ்அப்பைப் பார்க்க வருவதில்லை. அவர் பார்ப்பது ஸ்டெரிலைசர் சார்ட், லாக் புக், ஹோல்டு ரிஜிஸ்டர். குழு என்பது வேலை ஓடுகிற இடம். அதை ஆவணமாக நினைத்து ஆங்கிலமாக்கினால் ஆவணமும் ஆகாது, வேலையும் ஓடாது.

இனி அந்த `edukata`. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும்போது த, ட இரண்டுக்கும் பலர் t போடுகிறார்கள். குறில் நெடில் தெரியாது, ஒற்று விழுந்துவிடும். பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடும், திரையில் அது கிடையாது. தமிழில் இன்னொரு சிக்கல், "செய்" என்பதற்கும் "செய்யாதே" என்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. எடுக்கலாம், எடுக்கட்டும், எடுக்கட்டா, எடுக்காத. அவசரத்தில் படிப்பவன் "எடு" வரை பார்த்துவிட்டு மீதியைத் தானே நிரப்பிக்கொள்வான்.

அதனால் தடை சொல்லும்போது தனிச் சொல்லாகப் போடுங்கள். "எடுக்கக் கூடாது", இல்லையென்றால் "வேண்டாம்". தங்கிலீஷிலேயே எழுதினாலும் `edukka koodathu` என்பதைத் தப்பாகப் படிக்க வழியில்லை. அதாவது தங்கிலீஷ் எழுதியதைவிட அந்த வினை வடிவம்தான் உங்களைக் கவிழ்த்தது. தமிழ் எழுத்தில் போட்டிருந்தால் "எடுக்காத" என்பது தெளிவாக இருந்திருக்கும், உண்மைதான். ஆனாலும் நான் "கூடாது" என்றுதான் எழுதச் சொல்வேன்.

தருமபுரி கோப்பு

இதில் விவாதமே தேவையில்லை. 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. அலுவலகத் தகவல் தமிழில்தான் இருக்க வேண்டும். டிரம் என்பதைக்கூட உருளைக்கலன் என்று எழுதலாம்.

பழைய க்யூசி

ஐயா, அது அரசு அலுவலகங்களுக்கான சட்டம். இவர் கேட்பது தனியார் ஆலையின் வாட்ஸ்அப் குழு. உருளைக்கலன் என்று நைட் ஷிப்டில் எழுதினால் லோடிங்கில் ஆறு பேர் போன் போட்டு "அது எங்க இருக்கு?" என்று கேட்பார்கள்.

ஆலைக்கென்று எழுதிய சட்டம் வேறு ஒன்று 2025 வரை இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 108ஆம் பிரிவு. அந்தச் சட்டப்படி ஆலையில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அது நோட்டீஸ் போர்டுக்கு எழுதியது, வாட்ஸ்அப்புக்கு இல்லை. ஆனால் அதில் கேட்ட கேள்வி சரியான கேள்வி: படிக்கிறவனுக்கு எது புரியும்?

தருமபுரி கோப்பு

சரி, தனியார் என்பதைக் கவனிக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். காவிரியில் தண்ணீர் அதிகமாக வரும் நாட்களில் எங்கள் குழுவில் "ஒகேனக்கல் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி, பரிசல் இயக்கத் தடை" என்று போடுகிறோம். கிராம உதவியாளர் முதல் பரிசல்காரர் வரை ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை. தமிழில் தொழில்நுட்பச் செய்தி போகாது என்று சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன்.

இரவு ஷிப்ட்காரன்

அது நல்ல உதாரணம் ஐயா. ஆனால் கனஅடி என்பது தினமும் செய்தியில் கேட்டுக் கேட்டு எல்லார் வாயிலும் புழங்குகிற சொல். எங்கள் பாய்லர்காரரிடம் "கொதிகலன்" என்றால் சிரிப்பார். அவருக்கு அது பாய்லர்தான். ப்ரிக்ஸ், பிஎச் எல்லாம் அப்படித்தான்.

கவிதா, ஓசூர்

சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ப்ராடக்‌ஷன் இன்ஜினியர். எல்லாரும் தெளிவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு மரியாதைதான் பெரிய தலைவலி.

என்னைவிட இருபது வயது மூத்த ஃபிட்டர் எனக்குக் கீழே வேலை செய்கிறார். நேரில் "அண்ணா" என்பேன், "சொல்லுங்கண்ணா" என்பேன். குழுவில் மேனேஜர்களும் இருப்பதால் ஆங்கிலத்தில் போடுவேன். ஆங்கிலத்தில் நீ, நீங்க என்ற பிரச்சினை இல்லை, அதனால் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் `Why was this not informed?` என்று போட்டேன். எனக்கு அது சாதாரணக் கேள்வி. அவர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஸ்டோரில் இருக்கிற அக்கா சொன்னார், "இங்கிலீஷ்ல கேட்டா மெமோ குடுக்கிற மாதிரி இருக்கும்மா." எங்கள் இடத்தில் மெமோ, ஷோகாஸ், சஸ்பென்ஷன் ஆர்டர் எல்லாமே ஆங்கிலத்தில்தான் வரும். ஆங்கிலம் திடீரென்று வந்தாலே யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

இப்போது மூத்தவர்களிடம் எதையாவது கேட்க வேண்டும் என்றால் தமிழில்தான். "அண்ணா, லைன் 2 நின்னது எத்தனை மணிக்கு? தெரிஞ்சா போடுங்க" என்றால் பதில் உடனே வருகிறது. குற்றம் கண்டுபிடிக்கிற மாதிரி எதுவும் குழுவிலேயே போடுவதில்லை, எந்த மொழியாக இருந்தாலும் சரி.

பர்கூர் அக்கவுன்ட்ஸ்

மேடம், இது மொழிப் பிரச்சினை இல்லை. அந்த அண்ணனுக்கு உங்களிடம் ஈகோ. தமிழில் கேட்டிருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்.

கவிதா, ஓசூர்

இருக்கலாம். ஆனால் அதே அண்ணன் தமிழில் கேட்டால் அதே கேள்விக்குப் பதில் சொல்கிறார். எனக்கு அது போதும்.

ஃபோர்க்லிஃப்ட் தம்பி

நான் வேப்பனப்பள்ளி. வீட்டில் தெலுங்கு, படித்தது எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு மீடியம். தமிழ் நல்லா பேசுவேன், கேட்டால் எல்லாம் புரியும். தமிழ் எழுத்து படிக்க வராது. இதையும் ஒருத்தர் டைப் பண்ணித் தருகிறார். நீங்கள் எல்லாரும் தமிழ் எழுத்துக்கு மாறிவிட்டால் என்னை மாதிரி ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கம் கன்னடம் படித்தவர்களும் இப்படித்தான். தங்கிலீஷ் என்றால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். வடநாட்டுப் பசங்களுக்கு அதுவும் முடியாது.

பழைய க்யூசி

தம்பி சொன்னதுதான் இந்த மாவட்டத்தின் உண்மை நிலை. சேலத்திலோ ஈரோட்டிலோ "தமிழ் எழுத்தில் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கிருஷ்ணகிரியில் அப்படி முடியாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் தமிழ் படிப்பவர்கள் என்று வைத்துக்கொள்ள முடியாது. பேசுகிற மொழி வேறு, கண் படிக்கிற எழுத்து வேறு.

யார் எதைப் படிப்பார்கள் என்று நீங்களாக ஊகிக்காதீர்கள். ஷிப்ட் மாறும்போது, பழைய மெசேஜ் மூன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று தமிழ் எழுத்தில், ஒன்று தங்கிலீஷில், ஒன்று ஆங்கிலத்தில். லோடிங், பாய்லர் ஆட்களிடம் போனைக் கொடுத்து "இதில் என்ன செய்யச் சொல்லியிருக்கு?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். புரிகிறதா என்று கேட்காதீர்கள். புரிகிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். என்ன செய்வார் என்று அவர் வாயால் வரட்டும். எல்லார் முன்னாலும் கேட்டுவிடாதீர்கள், படிக்கத் தெரியாததை யாரும் கூட்டத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆங்கிலமும் இதில் தப்பிக்காது. நான் பார்த்த ஒரு ஆலையில் `pending release` என்று போட்டதை, release என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அனுப்பச் சொன்னார்கள் என்று படித்தார்கள்.

இரவு ஷிப்ட்காரன்

அப்படியானால் அந்த ஹோல்டு மெசேஜை நீங்கள் எப்படி எழுதுவீர்கள்? அப்படியே எழுதிக் காட்டுங்கள்.

பழைய க்யூசி

இப்படி:

```
HOLD  B0617  41-54
இந்த 14 டிரம்மையும் லோடிங்குக்கு எடுக்கக் கூடாது.
2:10க்கு ஸ்டெரிலைசர் வெப்பம் இறங்கியது.
லோடிங், ஸ்டோர்: தனியா வச்சதும் இங்க எழுதுங்க.
```

முதல் வரியைத் தமிழ் படிக்காதவரும் படிப்பார். ஹோல்டு என்ற சொல் ஆலையில் எல்லார் வாயிலும் இருக்கிறது, எண் எல்லாருக்கும் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் தம்பிக்கு அந்த ஒரு வரியே போதும். இரண்டாவது வரி வேலை சொல்வது, அது தமிழில். "14" என்று எண்ணிக்கையைப் போட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 41லிருந்து 54 வரை என்றால் 13 என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு, கடைசி டிரம் தப்பிப் போய்விடும். காரணத்தை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம், முழுவதும் லாக் புக்கில் இருக்கும்.

பதிலுக்கு கட்டைவிரலும் கூடாது, `ok`யும் கூடாது. ஸ்டோர்காரர் "41-54 தனியா வச்சாச்சு, சிவப்பு டேப் சுத்தியாச்சு" என்று எழுத வேண்டும், தங்கிலீஷிலோ எதிலோ. எழுத வராதவர் டேப் சுற்றிய படத்தைப் போடட்டும். உங்கள் சம்பவத்தில் மேனேஜரின் `ok` ஒரு சொல்லாக இருந்து இரண்டு அர்த்தம் கொடுத்தது. அவர் எண்ணைத் திருப்பி எழுதியிருந்தால் லோடிங்குக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்கும்.

கவிதா, ஓசூர்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். மெசேஜைப் போட்டுவிட்டு எடிட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம் வரை திருத்தலாம், ஆனால் திருத்தினால் மற்றவர்களுக்கு மறுபடி மணி அடிக்காது. 41-54 என்று படித்துவிட்டுப் போனவருக்கு நீங்கள் 41-56 ஆக்கியது தெரியவே தெரியாது. தப்பு என்றால் புது மெசேஜ். ஹோல்டு எடுக்கும்போதும் பழைய மெசேஜுக்கு ரிப்ளையாகப் போடுங்கள், அப்போது எந்த டிரம் என்று இரண்டும் சேர்ந்து நிற்கும். அதுவரை பின் செய்து வைக்கலாம். 7 நாள் வைக்கிற வசதி இருக்கிறது.

பர்கூர் அக்கவுன்ட்ஸ்

எங்கள் ஹெட் ஆபீஸ் பெங்களூரில். அவர்களும் குழுவில் இருக்கிறார்கள். நாலு வரித் தமிழைப் பார்த்தால் `English please` என்று உடனே வரும். அதற்கு என்ன செய்வது? இதைச் சொல்லத்தான் முதலிலேயே வந்தேன்.

கவிதா, ஓசூர்

எங்களுக்கும் அதே கதைதான். ஒவ்வொரு மெசேஜையும் இரண்டு மொழியில் போட ஆரம்பித்தோம், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவதாக எழுதியது எப்போதும் சுருங்கிப்போகும். தமிழில் "பேரிங் மாத்தியாச்சு, சத்தம் இன்னும் இருக்கு" என்று இருப்பது ஆங்கிலத்தில் `bearing changed` என்று மட்டும் போகும். அந்தப் பக்கம் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது ஷிப்ட் குழுவில் பெங்களூர் ஆட்கள் இல்லை. ஷிப்ட் முடிவில் ஒருவர் மட்டும் ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதி அவர்கள் குழுவில் போடுவார். ஓடியது, நின்றது, ஏன், யார் பார்க்கிறார்கள், நாளைக்கு என்ன வேண்டும். அவ்வளவுதான். எழுதுபவர் ஷிப்ட் முழுக்க இருந்தவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி அதே சுருக்கம்தான்.

பர்கூர் அக்கவுன்ட்ஸ்

இரண்டு குழு என்றால் இரண்டு இடத்தில் தேட வேண்டும். எனக்கு ஒப்பவில்லை. லாரி எண், எடை மட்டுமாவது ஒரே இடத்தில் இருக்கட்டும்.

பழைய க்யூசி

லாரி எண்ணும் எடையும் ஆங்கிலம், எண் மட்டும், வாக்கியமே வேண்டாம். அதில் உங்கள் கட்சிதான் நான்.

பாய்லர் ராசு

நான் பாய்லர். வாய்ஸ்தான் போடுவேன். கையில் கரி, கிளவுஸ், யார் டைப் அடிப்பது? வாய்ஸைத் தடை பண்ணினால் போன் பண்ணுவேன், மேனேஜர் எடுக்கணும்.

இரவு ஷிப்ட்காரன்

ராசு அண்ணா, வாய்ஸ் போடுங்க, யாரும் தடுக்கவில்லை. பிரச்சினை, பின்னால் ஃபீட் பம்ப் ஓடுகிற சத்தத்தில் "பத்து" என்றீர்களா "எட்டு" என்றீர்களா என்று மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்டீம் பிரஷர் எண்ணை மட்டும் வாய்ஸுக்குக் கீழே தட்டிவிட்டால் போதும். இல்லையென்றால் கேஜைப் படம் எடுத்துப் போடுங்க.

பாய்லர் ராசு

படம் போடுறேன். அது சுலபம்.

ஃபோர்க்லிஃப்ட் தம்பி

எனக்கு வாய்ஸ்தான் வசதி. ஆனால் வண்டி ஓட்டும்போது கேட்க முடியாது. எண்ணைப் பெரிதாக எழுதி டிரம் மேலேயே ஒட்டினால் போனைப் பார்க்கவே வேண்டாமே?

பழைய க்யூசி

ஒட்டத்தான் வேண்டும் தம்பி. ஹோல்டு அட்டை டிரம்மில் இல்லாமல் குழுவில் மட்டும் இருந்தால் அது ஹோல்டே இல்லை. ஆனால் வெப்பம் இறங்கிய நேரத்துக்கும் க்யூசி ஆள் அட்டையோடு கீழே வருவதற்கும் நடுவில் கால் மணி நேரம் இருக்கிறது பாருங்கள், அந்தக் கால் மணிக்குத்தான் மெசேஜ்.

தருமபுரி கோப்பு

ஒரு சந்தேகம். தமிழ் எழுத்தில் அடிக்க நேரமாகிறது என்று எங்கள் இளைஞர்களும் சொல்கிறார்கள். நான் தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவன், எனக்கு ஆங்கிலத்தைவிட வேகம். ஆலையில் பசங்கள் எதில் அடிக்கிறார்கள்?

இரவு ஷிப்ட்காரன்

பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுகிற கீபோர்டு. அதிலும் கவனம் வேண்டும். மேலே வருகிற பரிந்துரையில் முதல் சொல்லைப் பார்க்காமல் தட்டிவிடுகிறார்கள். நேற்று "வால்வு மூடு" என்பதற்கு "வாழ்வு மூடு" என்று வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் வால்வு மூடப்பட்டது.

மேனேஜரிடம் பேசினேன். ஹோல்டு, ரிலீஸ், நிறுத்து, ஓட்டு இந்த நான்கு வகை மெசேஜுக்கு மட்டும் பழைய க்யூசி அண்ணன் எழுதிய மாதிரி, மீதியை அவரவர் விருப்பப்படி என்று ஒப்புக்கொண்டார். ஒரியா பேசுகிற பசங்கள் ஆறு பேருக்கு இன்னும் வழி தெரியவில்லை. அவர்களில் ஒருவனுக்குத் தமிழ் பேச்சு நன்றாக வரும், அவனிடம் சொன்னால் மற்றவர்களுக்குச் சொல்கிறான். அவன் லீவு போட்டால் என்ன செய்வது? இப்படி ஆட்களை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கவிதா, ஓசூர்

எங்களிடம் இருக்கிறார்கள். முதல் வரியும் படமும்தான் ஓடுகிறது. HOLD என்பதைப் படமாகவே பழகிவிட்டார்கள். ஆனால் "2:10க்கு முன்னாடி நிரப்பினது பரவாயில்லை" மாதிரி நிபந்தனை வந்தால் அங்கே நின்றுவிடுகிறது. அதற்கு நாங்களும் ஆளை அனுப்பித்தான் சொல்கிறோம்.